ஆனாயர் ஊதிய குழல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் மாதத் தமிழ் மொழி விழாவுக்குக் கதை தேடுபவர்களும், குழல் கற்கும் பிள்ளைகளின் பெற்றோரும், டேங்க் ரோடு, சிராங்கூன் ரோடு கோயில்களுக்குப் போய்வந்து யோசிப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. பாட்டால் விலங்கையும் மலையையும் கடவுளையும் கட்டியவர்கள் பல நாட்டுக் கதைகளிலும் உண்டு. இங்கே பெரும்பாலும் ஆனாய நாயனார் ஒருவரைப் பற்றித்தான் பேச்சு. மற்றவர்கள் அவரோடு ஒப்பிட மட்டும் வருகிறார்கள்.

இசையால் விலங்குகளை மயக்கியவர் கதை ஒன்று மட்டும் சொல்ல நேரம் இருக்கிறது. எதைச் சொல்லலாம்?

ஆனாய நாயனார் கதையைச் சொல்லுங்கள். மாடு மேய்க்கும் ஆயர் ஒருவர் மழைக்காலத்தில் காட்டுக்குப் போகிறார். பூத்துத் தொங்கும் கொன்றை மரத்தைப் பார்க்கிறார். கொன்றை மாலை அணிந்த சிவனாகவே அது அவருக்குத் தெரிகிறது. உருகிப்போய்க் குழலை எடுத்து ஐந்தெழுத்தை வாசிக்கிறார். முதலில் பசுக்கள், பிறகு காட்டு விலங்குகள், பறவைகள், ஒன்றையொன்று கொல்லும் பகை விலங்குகள், அதன்பின் மரம், அருவி, மேகம், கடல் என ஒவ்வொன்றாக இசையில் அடங்குகின்றன. கடைசியில் அந்த ஒலி சிவன் செவிக்கு எட்ட, அவரே உமையோடு விடையின்மேல் வந்து நிற்கிறார்.

கதை இவ்வளவுதான். சண்டை, சாபம், போட்டி எதுவும் கிடையாது. சொல்பவருக்குச் சவாலும் அதுதான், ஏனென்றால் நிகழ்ச்சி என்று எடுத்துக்காட்ட ஒன்றுமில்லாத இடத்தில் ஒலி ஒன்றே எல்லாவற்றையும் நடத்துகிறது. ஆனால் பெரியபுராணத்தில் சேக்கிழார் அந்த ஒலி எப்படி உண்டானது என்பதை அணு அணுவாகச் சொல்லியிருக்கிறார். இசையால் மயக்கிய கதைகளில் கருவி செய்த முறை, பண், தாழ்ந்த சுரம், உயர்ந்த சுரம் என்று இத்தனை தொழில் விவரத்தோடு வருவது அரிது.

இவர் எந்த ஊர்? உண்மையில் இவரைப் பற்றி எவ்வளவு தெரியும்?

ஊர் மேல்மழநாட்டுத் திருமங்கலம், இன்றைய லால்குடிக்குப் பக்கம். அங்கே சாமவேதீசுவரர் கோயில் இருக்கிறது.

எழுத்தில் கிடைப்பது மூன்று அடுக்கு. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் ஒரே அடியில் சொல்லிவிட்டுப் போகிறார்: ‘அலைமலிந்த புனல்மங்கை ஆனாயற்கு அடியேன்’. இதில் குழலும் இல்லை, பசுவும் இல்லை. ஊரும் பெயரும் மட்டும். பிறகு நம்பியாண்டார் நம்பி ஒரு பாட்டில் ‘துளையால் பரவும் வேயவன்’ என்கிறார். இப்போது குழல் வந்துவிட்டது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதையே முழுப் புராணமாக விரிக்கிறார். ஆகவே விலங்குகள் வரும் காட்சியைச் சொல்லும்போது ‘சேக்கிழார் காட்டுகிறார்’ என்று தொடங்குவதே சரி. சுந்தரர் சொன்னார் என்று மேடையில் சொன்னால், கேட்பவர்களில் விவரம் தெரிந்த ஒருவர் கட்டாயம் கை தூக்குவார்.

குழல் செய்த அளவுகூட நூலில் இருக்கிறதாமே? அதைப் பார்த்து நாங்களே செய்யலாமா?

சேக்கிழார் சொல்வது சுருக்கம். மரபுப்படி வளர்ந்த மூங்கிலின் அடிப்பக்கத்திலும் நுனிப்பக்கத்திலும் வேண்டாததை அரிந்து, நடுப்பகுதியை எடுத்து, காற்று புகும் துளையும் சுரத் துளைகளும் அங்குலக் கணக்கில் அமைத்தார் என்கிறார். எண்கள் வேண்டுமென்றால் சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரைக்குப் போக வேண்டும். குழலின் இலக்கணத்தை அவர் அங்கே கொடுத்திருக்கிறார்.

நீளம் 20 விரல். சுற்றளவு நாலரை விரல். ஒரு விரலை ஏறத்தாழ 1.9 சென்டிமீட்டர் என்று வைத்தால் நீளம் 38 சென்டிமீட்டர், குறுக்களவு சுமார் 2.7 சென்டிமீட்டர். இடப்பக்க வாயை வெண்கல மூடியால் அடைக்க வேண்டும், அதற்குப் பெயர் அணசு. வலப்பக்கம் திறந்திருக்கும். அடைத்த முனையிலிருந்து 2 விரல் விட்டு ஊதுகிற துளை, அதற்கு முதல்வாய் என்று பெயர். அதிலிருந்து 7 விரல் இடைவெளி. திறந்த முனையிலும் 2 விரல் விட வேண்டும். மிச்சம் 9 விரல். கூட்டிப் பாருங்கள்: 2, 7, 9, 2, மொத்தம் 20. அந்த 9 விரலில் 8 துளை. அதில் ஒன்று முத்திரை, அதை விரலால் மூடுவதில்லை. மற்ற ஏழுக்கும் ஏழு விரல்: இடக்கையில் பெருவிரலும் சிறுவிரலும் போக மூன்று, வலக்கையில் பெருவிரல் போக நான்கு. இன்றைய கர்நாடகக் குழலைக் கையில் எடுத்துப் பாருங்கள், கடைசித் துளையை யாரும் மூடாமல் விட்டிருப்பதைக் காண்பீர்கள்.

இதைப் பார்த்து அப்படியே செய்தால் சுருதி சேருமா என்றால், சேராமல் போகவே வாய்ப்பு அதிகம். துளைகளின் இடைவெளியை மட்டும் வைத்துச் சுரம் அமைவதில்லை. துளையின் அகலமும் மூங்கில் சுவரின் கனமும் உட்குழாயின் விட்டமும் சேர்ந்துதான் சுரத்தைத் தீர்மானிக்கின்றன. அதனால் குழல் செய்பவர்கள் துளையை முதலில் சிறிதாகப் போட்டு, ஊதிப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக அரத்தால் பெரிதாக்குவார்கள். துளை பெரிதானால் சுரம் ஏறும். ஏறிவிட்ட துளையைத் திரும்பச் சிறிதாக்குவது கஷ்டம். அவசரப்பட்டவர் குழலெல்லாம் ஒரே மாதிரிக் கெடுவது இந்த இடத்தில்தான்.

இன்னொன்று, வெட்டியவுடன் துளை போடக் கூடாது. மரத்தை நிழலில் ஆறவிட்டு, முறுக்கமோ பிளவோ வரவில்லை என்று பார்த்து, ஓராண்டு சென்ற பிறகே வேலையைத் தொடங்க வேண்டும் என்பது உரையில் உள்ள விதி. சிங்கப்பூரில் இந்த விதி இன்னும் முக்கியம். ஈரக் காற்றில் இருக்கும் மூங்கிலை இரவெல்லாம் ஏர்கான் ஓடும் வீவக அறையில் வைத்தால், வெளிப்பக்கம் ஒரு வேகத்திலும் உட்பக்கம் வேறு வேகத்திலும் காய்ந்து, நீளவாக்கில் மயிரிழை போல விரிசல் விடும். திடீரென்று கீழ்ச்சுரம் மட்டும் பிடிக்க மறுத்தால் முதலில் விரிசலைத் தேடுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும்.

அவர் வாசித்தது முல்லைப்பண் என்கிறார்கள். மோகனத்தில் வாசித்தால் சரிதானே?

முல்லைப்பண் என்பது மோகனம் என்று பரவலாகச் சொல்கிறார்கள். மேடையில் மோகனத்தில் வாசிப்பதைத் தவறு என்று யாரும் சொல்லப்போவதில்லை. கேட்பதற்கும் பொருத்தமாகவே இருக்கும். ஆனால் சேக்கிழார் பாட்டைக் கவனமாகப் படித்தால் ஒரு முடிச்சு இருக்கிறது.

‘வளர்முல்லைப் பண்ணாக்கி ஏறிய தாரமும் உழையும் கிழமை கொள’ என்கிறார். கிழமை கொள்வது என்றால் அந்தச் சுரங்களுக்கு உரிமை, முதன்மை. குரலை ச என்று கொண்டால் உழை ம, தாரம் நி. மோகனத்தில் ச, ரி, க, ப, த தான் உண்டு. மாவும் இல்லை, நீயும் இல்லை. எந்த இரண்டு சுரத்துக்கு முதன்மை என்கிறாரோ அந்த இரண்டும் இல்லாத இராகமாக அது எப்படி இருக்கும்? அதே பாட்டின் கடைசி அடியில் ‘கொடிப்பாலையினில் நிறுத்தி’ என்றும் வருகிறது. பாலை ஏழு சுரமும் கொண்டது. குரலை வேறு சுரமாகக் கொண்டு இந்த முடிச்சை வேறு வகையில் அவிழ்ப்பவர்களும் உண்டு.

எங்கள் யோசனை இது: மோகனத்தில் வாசியுங்கள், ஆனால் அறிவிப்பில் ‘சேக்கிழார் சொன்ன இராகம்’ என்று சொல்லாதீர்கள். ‘முல்லைப்பண்ணாகப் பலரும் கருதும் மோகனம்’ என்று சொன்னால் போதும்.

குழலில் எழுத்து எப்படி வரும்? ‘நமசிவாய’ என்று ஊத முடியுமா?

முடியாது. குழலுக்கு எழுத்து கிடையாது, காற்று மட்டும்தான். சேக்கிழாரும் ‘எம்பிரான் எழுத்து ஐந்தும் தொடுத்த முறை ஏழிசையின் சுருதி பெற வாசித்து’ என்கிறார். மாலை தொடுப்பது போல எழுத்தைச் சுரத்தில் தொடுக்கிறார் என்று பொருள் கொள்ளலாம்.

கையில் குழல் இருந்தால் இதைச் செய்து பார்க்கலாம். ந, ம, சி, ய நான்கும் குறில், ஆளுக்கு ஒரு மாத்திரை. வா மட்டும் நெடில், இரண்டு மாத்திரை. கூட்டினால் ஆறு. ரூபக தாளத்துக்கு ஆறு அட்சரம் என்பதால் ஓர் ஆவர்த்தனத்தில் ஐந்தெழுத்து அச்சாக உட்காரும். ஒவ்வோர் எழுத்துக்கும் நாக்கால் ‘து’ என்று லேசாகத் தட்டித் தொடங்குங்கள். வாவில் தட்டாமல் நீட்டுங்கள், சுரத்தை அங்கே அசைக்கலாம். பாடுபவர் யாரும் இல்லாமலே, இரண்டாம் ஆவர்த்தனத்தில் கேட்பவர்கள் உதடு தானாக ‘நமசிவாய’ என்று அசையும். இது சேக்கிழார் கொடுத்த தாளம் அல்ல, மாத்திரைக் கணக்கிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது.

விலங்குகள் சுற்றி நின்று ஆடின என்று சொன்னால் போதுமா?

ஆடவில்லை. இதைத்தான் நிறையப் பேர் தவறாகச் சொல்கிறார்கள். சேக்கிழார் காட்டும் விலங்கு ஒவ்வொன்றும் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்துகிறது. வரிசையாகப் பார்த்தால் இது புரியும்.

அறுகம்புல் மேய்ந்த பசுக்கள் அசைபோடாமல் பக்கத்தில் வந்து நிற்கின்றன. மாடு வளர்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மேய்ந்து முடித்த மாட்டுக்கு அசைபோடுவது மூச்சு விடுவது போல. அது நின்றால் மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். இங்கே இசையில் அது மறந்துபோகிறது. அடுத்தது கன்று. தாய்மடியைப் பற்றியிருக்கிறது, வாயில் பால் நுரை தள்ளியிருக்கிறது, ஆனால் குடிக்க மறந்துவிட்டது. ‘பால்நுரைவாய்’ என்ற ஒரு சொல்லில் அந்தக் கணத்தை அப்படியே நிறுத்திவிடுகிறார். காளைகளும் மான் முதலான காட்டு விலங்குகளும் மயிர் சிலிர்த்து வந்து சேர்கின்றன.

ஆடிக்கொண்டிருந்த மயில்கள்கூட அசைவை விட்டு நெருங்குகின்றன. மயிலை ஆடவைப்பது சுலபம், மேகம் போதும். ஆடுகிற மயிலை நிறுத்துவதே இங்கே நடப்பது. பறவைகள் உணர்வு ஒழிந்து பக்கத்தில் படிகின்றன. கூட வேலை செய்துகொண்டிருந்த கோவலர்களும் ‘குறைவினையின் துறை நின்றார்’, அதாவது பாதி வேலையோடு நின்றுவிட்டார்கள். மாடு, மயில், மனிதன் மூன்றையும் ஒரே வரிசையில் வைத்துவிட்டார்.

பிறகு பாதாளத்திலிருந்து நாகர்கள், மலையிலிருந்து அரமகளிர், வானத்து விமானங்களில் விஞ்சையர், கின்னரர், அமரர் எல்லாம் வருகிறார்கள். அதற்குப் பின்தான் இந்தப் பாட்டு:

‘நலிவாரும் மெலிவாரும் உணர்வொன்றாய் நயத்தலினால்
மலிவாய்வெள் எயிற்றரவம் மயில்மீது மருண்டுவிழும்
சலியாத நிலைஅரியும் தடங்கரியும் உடன்சாரும்
புலிவாயின் மருங்கணையும் புல்வாய புல்வாயும்’

பாம்பு தன்னைக் கொல்லும் மயில்மேல் மயங்கி விழுகிறது. சிங்கமும் யானையும் சேர்ந்து வருகின்றன. கடைசி அடியில் உள்ள விளையாட்டைப் பாருங்கள். புல்வாய் என்பது மானுக்குப் பெயர். ‘புல்வாய புல்வாய்’ என்றால் வாயில் புல்லை வைத்துக்கொண்ட மான். அது புலியின் வாய்க்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. ஒரு வாயில் மெல்லாத புல், மற்ற வாயில் தொடாத இரை. வாசித்துக் காட்டும்போது இந்த அடியை இரண்டு தடவை சொல்லலாம். முதல் தடவை வேகம், இரண்டாம் தடவை ‘புலிவாய்’, ‘புல்வாய்’ இரண்டையும் பிரித்து.

கல் உருகியது இந்தக் கதையில்தானே?

இல்லை. கல் உருகுவது அகத்தியரும் இராவணனும் போட்டிபோட்ட பொதிகைக் கதையில். நாரதரை அனுமன் பாடித் தோற்கடித்த கதையிலும் பாறை உருகும். அவை வாய்வழக்கில் பெரிதாக வளர்ந்தவை. தொல்காப்பிய உரையில் நச்சினார்க்கினியர் சொல்வது அகத்தியர் இராவணனைக் ‘கந்தருவத்தால்’ பிணித்தார் என்பது மட்டும். கந்தருவம் என்றால் இசை.

ஆனாயர் கதையில் உயிரற்றவையும் உருகாமல் நிற்கின்றன. காற்றில் மரக்கிளை அசையவில்லை. மலையருவியும் காட்டாறும் ஆர்த்து ஓடவில்லை. மேகம் நகரவில்லை, மழை சிந்தவில்லை, இடி முழங்கவில்லை. ஏழு கடலும் துளும்பவில்லை. இவை எல்லாமே ஒலி எழுப்புகிறவை என்பதைக் கவனியுங்கள். குழலைத் தவிர மற்ற ஒலிகளையெல்லாம் ஒவ்வொன்றாக அணைத்துவிடுகிறார். அந்த அமைதியில்தான் ஒரு மூங்கில் குழாயின் ஓசை வானம் கடந்து இறைவன் செவிவரை போகிறது. மழைக்காலக் காடு எவ்வளவு இரைச்சல் என்று தெரிய, டிசம்பரில் மழை கொட்டும்போது அடுக்குமாடித் தாழ்வாரத்தில் நின்று குழல் ஊதிப் பாருங்கள்.

இசையால் யானையை அடக்கியவர் உதயணன் இல்லையா? அவரை ஏன் சேர்க்கவில்லை?

அவரும் பெரிய ஆள்தான், ஆனால் அங்கே இசை ஒரு கருவி. யானை பிடிக்க உதவும் அங்குசம் மாதிரி.

பெருங்கதையில் உதயணன் கையில் இருக்கும் யாழுக்குக் கோடபதி என்று பெயர். பாலி மொழியில் உள்ள தம்மபத உரைக்கதையில் இதன் இயக்கமே விளக்கமாக இருக்கிறது. முனிவர் ஒருவர் கொடுத்த அந்தக் கருவியில் மூன்று நரம்பு. அதற்குரிய மந்திரத்தோடு ஒன்றை மீட்டினால் யானைகள் திரும்பிப் பாராமல் ஓடும். இன்னொன்றை மீட்டினால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓடும். மூன்றாவதை மீட்டினால் கூட்டத்தின் தலைவன் வந்து முதுகைக் காட்டும்.

இந்த இசைக்கு எல்லை எங்கே என்பதையும் அதே கதை சொல்கிறது. பகை மன்னன் மரத்தால் யானை செய்து, உள்ளே வீரர்களை ஒளித்துக் காட்டில் விடுகிறான். உதயணன் யாழோடு பின்னால் போகிறான். மரத்துக்குச் செவி ஏது? மாட்டிக்கொள்கிறான். பிறகு உஞ்சை நகரில் நளகிரி என்ற யானை மதம்பிடித்து ஓடும்போது, சிறைப்பட்ட அதே உதயணனைத்தான் யாழோடு அழைக்க வேண்டியிருக்கிறது.

இரண்டுக்கும் நடுவே அகநானூறு 102ஆம் பாட்டு இருக்கிறது. தினைப்புனக் காவல்காரன் கள் குடித்துப் பரணில் கிடக்கிறான். அவன் மனைவி காற்றில் கூந்தலை உலர்த்திக்கொண்டே குறிஞ்சிப்பண் பாடுகிறாள். தினை தின்ன வந்த இளங்களிறு கதிரையும் கொள்ளவில்லை, நின்ற இடத்தைவிட்டும் பெயரவில்லை, நின்றபடியே தூங்கிவிடுகிறது. அவள் யானைக்காகப் பாடவில்லை, யானை வந்ததாவது அவளுக்குத் தெரியுமோ என்னவோ. ஆனாயர் காட்டுக்கு மிக நெருக்கமான தமிழ்க்காட்சி என்று இதைச் சொல்லலாம்.

இராவணனும் பாடித்தானே சிவனை மயக்கினான்? வித்தியாசம் என்ன?

இராவணன் கயிலையைத் தூக்கினான், சிவன் கால்விரலை ஊன்றினார், மலைக்கடியில் நசுங்கியவன் அழுது பாடினான், சிவன் இரங்கி வாளும் கொடுத்தார். சம்பந்தர் பதிகங்களில் எட்டாம் பாட்டு பெரும்பாலும் இதற்கே ஒதுக்கப்பட்டது. அங்கே பாட்டு ஒரு விண்ணப்பம், கேட்டது கிடைத்ததும் முடிந்துவிடும். ஆனாயர் எதையும் கேட்கவில்லை. சிவனே வந்து, அடியார்கள் எப்போதும் உன் குழலோசையைக் கேட்கவேண்டும், ‘இந்நின்ற நிலையே நம்பால் அணைவாய்’ என்கிறார். குழலைக் கீழே வைத்துவிட்டு வா என்று சொல்லவில்லை. ஊதிக்கொண்டே போகிறார்.

இந்த மாதிரி மயக்கம் கெட்டுப்போன கதை உண்டா?

உண்டு, காரணமும் பெரும்பாலும் ஒன்றே: பெரிய இரைச்சல்.

சங்கப் பாட்டில் அசுணம் என்று ஓர் உயிர் வருகிறது. நல்ல இசைக்கு மயங்கும். அகநானூறு 88இல் வண்டுகளின் ரீங்காரத்தை யாழ் என்று நினைத்து மலைக்குகையிலிருந்து காதுகொடுத்துக் கேட்கிறது. அதைப் பிடிப்பவர்கள் முதலில் யாழை வாசித்து வரவழைப்பார்கள், நெருங்கியதும் பறையை அடிப்பார்கள். அந்த அதிர்ச்சியிலேயே அது சாகும். ‘பறைபட வாழா அசுணமா’ என்று நான்மணிக்கடிகை. நற்றிணை 304இல் தலைவி, தலைவன் மார்பு அசுணம் கொல்பவர் கை போல இன்பமும் துன்பமும் உடையது என்கிறாள். ஒரே கை யாழும் மீட்டும், பறையும் அறையும்.

கிரேக்கர்களின் ஆர்ஃபியஸ் முடிவும் இதே வழியில் போகிறது. மரமும் விலங்கும் கல்லும் அவன் பாட்டுக்குப் பின்னால் வந்தவை. ரோமக் கவிஞர் ஆவிட் சொல்வது: வெறிகொண்ட பெண்கள் முதலில் எறிந்த கல் பாட்டுக்கு மயங்கி அவன் காலடியில் மன்னிப்புக் கேட்பது போல விழுகிறது. பிறகு அவர்கள் பறையும் குழலும் கூச்சலுமாகச் சேர்ந்து எழுப்பிய ஓசையில் யாழொலி அமுங்குகிறது. கல்லுக்குப் பாட்டுக் கேட்காமல் போன பிறகுதான் அவன்மேல் இரத்தம் படுகிறது. அங்கே கொல்வது இரைச்சல், இங்கே இரைச்சலெல்லாம் முதலிலேயே அடங்கிவிடுகிறது.

சமூக மன்றத்தில் 8 நிமிடம் தருகிறார்கள். குழலோடு சேர்த்து எப்படிப் பிரிப்பது?

கொன்றை மரம்வரை 2 நிமிடம். இங்கே குழல் வேண்டாம். மழைக்காலத்தில் கொன்றை பூப்பது எப்படி என்று யாராவது கேட்டால், சங்கப் பாட்டிலிருந்தே கொன்றை கார்காலத்துப் பூ என்று சொல்லுங்கள். சாலையோரச் சரக்கொன்றையின் படம் ஒன்று காட்டினால் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்குப் பிடிபடும். விலங்கு வரிசைக்கு 4 நிமிடம், இதில்தான் குழல். மீதி 2 நிமிடம் அருவி நிற்பதும் இறைவன் வருவதும்.

வாசிப்பின் போக்குக்குச் சேக்கிழாரே குறிப்புக் கொடுத்திருக்கிறார்: ‘மந்தரத்தும் மத்திமத்தும் தாரத்தும்’. தாழ்ந்த தானத்தில் தொடங்கி, நடு, பிறகு உச்சம். பசுவும் கன்றும் வரும்போது மந்தரம், மயிலும் பறவையும் வரும்போது மத்திமம், புலியும் மானும் வரும்போது தாரம். பிழை வருவது பெரும்பாலும் மந்தரத்தில். பதற்றத்தில் பலமாக ஊதினால் சுரம் ஒரு தானம் மேலே தாவிவிடும். காற்றைக் குறைத்து உதட்டைத் தளர்த்தினால் கீழே வரும்.

இன்னொரு சிக்கல் அரங்கத்துக் குளிர். வெளியே 31 பாகை, உள்ளே 23 என்றால் குழலின் சுருதி ஏறத்தாழ அரைச்சுரத்தில் கால் பங்கு இறங்கலாம். மின் தம்பூரா இறங்காது. இரண்டும் உரசும்போது கேட்பவர்கள் வாசிப்பவரைத்தான் குறை சொல்வார்கள். ஏறுவதற்கு முன் ஐந்து நிமிடம் துளைகளை மூடிக்கொண்டு, முதல்வாயில் ஓசை வராமல் வெதுவெதுப்பான மூச்சை விடுங்கள். பிறகு சுருதி சேர்த்துத் தம்பூராவைக் குழலுக்கு ஏற்ப நகர்த்துங்கள்.

அருவி நிற்கும் இடத்தில் பின்னணி ஒலி எதுவும் போடாதீர்கள். மழைச் சத்தம், பறவைச் சத்தம் எல்லாம் போட்டிருந்தால் ஒவ்வொன்றாக அணையுங்கள். தம்பூராவும் நிற்கட்டும்.

63 நாயன்மார் வரிசையில் இவரை எப்படி அடையாளம் காண்பது? கண்ணன் என்று நினைத்துவிட்டோம்.

குழல் இருப்பதால் வரும் குழப்பம்தான். வரிசை சரியாக இருந்தால் அரிவாட்டாயருக்கும் மூர்த்தி நாயனாருக்கும் நடுவில் நிற்பார். சேக்கிழார் அவரைக் காலில் தொடுதோலும் கையில் கோலும் குழலுமாகக் காட்டுகிறார். குருபூசை கார்த்திகை மாதம் அத்த நட்சத்திரத்தில். அன்றைக்குப் போனால் கேட்காமலே தெரிந்துவிடும், மாலை அவருக்குத்தான் இருக்கும்.

கதை முடிந்ததும் என் மகள் ‘அப்போ மாடுகளை யார் வீட்டுக்கு ஓட்டிப் போனாங்க?’ என்று கேட்டாள். பதில் இருக்கிறதா?

சேக்கிழார் அதைச் சொல்லவில்லை. ஆனாயர் குழலோடு இறைவன் பக்கத்தில் போகிறார், பாட்டு அவரோடு போய்விடுகிறது. ஆனால் கோவலர்கள் பாதி வேலையோடு அங்கேயே நிற்கிறார்களே, அவர்களை யாரும் அனுப்பவில்லை. குழல் எட்டாத தூரம் போனதும் பசு அசைபோடத் தொடங்கியிருக்கும், கன்று மடியை முட்டியிருக்கும். பாம்பு மயில்மேல் கிடந்ததே, அது என்ன ஆனது என்று அவள் அடுத்துக் கேட்பாள். தயாராக இருங்கள்.